கேமரா வீடியோ திறக்கவில்லையா? ரிப்பேர் ஆகுமா என்று நீங்களே பார்த்துச் சொல்லும் வழி

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்துவிடுகிறது. அல்லது யாரோ அவசரத்தில் கார்டை உருவிவிடுகிறார்கள். அப்புறம் பார்த்தால் ஃபைல் இருக்கிறது, மூன்று ஜிபி அளவும் காட்டுகிறது, ஆனால் எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை. கேமரா ஃபைல் கெட்டுப்போவதில் பல வகை உண்டு. இந்த ஒரு வகைதான் அடிக்கடி வருவது, மீட்க அதிக வாய்ப்புள்ளதும் இதுதான். அதனால் இதையே எடுத்துக்கொள்கிறேன்: பாதியில் நின்றுபோன MP4 அல்லது MOV ஃபைல்.

முதலில் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. MP4 ஃபைல் என்பது வரிசையாக அடுக்கிய சில பெட்டிகள். முதலில் `ftyp` என்ற சின்னப் பெட்டி, "நான் இந்த வகை ஃபைல்" என்று சொல்ல. அடுத்து `mdat` என்ற மாபெரும் பெட்டி. படமும் ஒலியும் எல்லாம் இதற்குள்தான். கடைசியில் `moov`. இது ஒரு அட்டவணை: எந்த ஃபிரேம் எந்த பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எத்தனை நொடி காட்ட வேண்டும், படத்தை எந்த அமைப்பில் விரிக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கும். பெரும்பாலான கேமராக்கள் இந்த அட்டவணையை நீங்கள் நிறுத்தும் பட்டனை அழுத்திய பிறகுதான் எழுதுகின்றன. பேட்டரி போனால் அட்டவணை எழுதப்படுவதே இல்லை. ஆயிரம் பக்கப் புத்தகத்தைத் தைக்காமல், பக்க எண்ணும் போடாமல் மேசையில் விட்டுப்போன மாதிரி. பக்கங்கள் இருந்தால் கோத்துவிடலாம். பக்கங்களே வெற்றுத்தாள் என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கடைக்காரரிடமோ மென்பொருளுக்கோ பணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

கார்டைத் தொடாதீர்கள், முதலில் நகல்

அந்தக் கார்டில் இனி ஒரு புகைப்படம்கூட எடுக்க வேண்டாம். எஸ்டி கார்டின் பக்கவாட்டில் இருக்கும் பூட்டைக் கீழே தள்ளிவிட்டுக் கணினியில் போடுங்கள். "இந்தக் கார்டில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சரிசெய்வது கார்டின் கணக்கை, உங்கள் வீடியோவை அல்ல. போகிற போக்கில் ஃபைலை வெட்டி `FOUND.000` என்ற ஃபோல்டருக்குள் `FILE0000.CHK` என்று போட்டுவிடும்.

அடுத்து, ஃபைலை மட்டும் அல்ல, கார்டு முழுவதையும் பைட்டுக்குப் பைட் நகலாக, அதாவது ஒரே இமேஜ் ஃபைலாக எடுத்து வையுங்கள். லினக்ஸில் `ddrescue` இதற்கென்றே இருக்கிறது. விண்டோஸில் Win32 Disk Imager-இல் Read பட்டன் இதைச் செய்யும்.

```
sudo ddrescue -d /dev/sdX card.img card.map
```

`sdX` என்ற இடத்தில் உங்கள் கார்டின் பெயர் வர வேண்டும். `lsblk` கொடுத்து அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே தப்பு நடந்தால் வேறு டிஸ்க்கைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

இமேஜ் எடுத்த பிறகு ஒரு காரியம் செய்து பார்க்கலாம். பூட்டை எடுத்துவிட்டு, கார்டைப் பதிவு செய்த அதே கேமராவில் திரும்பப் போடுங்கள். சில கேமராக்கள் பாதியில் நின்ற பதிவைத் தாமே அடையாளம் கண்டு சரிசெய்யக் கேட்கும். தன் ஃபைல் எப்படி எழுதப்படுகிறது என்று கேமராவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எதற்கும் தெரியாது என்பதால், இது நடந்தால் அதுவே நல்ல முடிவு. ஆனால் அது கார்டில் எழுதும், அதனால்தான் இமேஜ் முதலில்.

பத்தே நிமிடத்தில் ஒரு தீர்ப்பு

என் நண்பர் ஒருவர் மேடை நாடகத்தை ஒற்றைக் கேமராவில் பதிவு செய்தார். பதினெட்டாவது நிமிடம் வாக்கில் பேட்டரி போய்விட்டது. கையில் கிடைத்தது `CLIP0042.MP4`, அளவு 3,238,002,688 பைட். அதை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: இந்த அளவு நியாயமானதா? அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த ஒரு நல்ல ஃபைலைப் பாருங்கள். நண்பரிடம் இருந்த ஐந்து நிமிட ஃபைல் 900 எம்பி, அதாவது நொடிக்கு 3 எம்பி. கெட்ட ஃபைலின் 3,238 எம்பியை மூன்றால் வகுத்தால் 1,079 நொடி, கிட்டத்தட்ட பதினெட்டு நிமிடம். அவர் சொன்ன நேரத்தோடு பொருந்துகிறது. நல்ல தொடக்கம். இங்கேயே அளவு பூஜ்யம் என்றோ சில கேபி என்றோ இருந்தால் இந்த வழி உதவாது. அதைப் பற்றிக் கடைசியில்.

இரண்டாவது, ஃபைல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். `ffmpeg` என்ற இலவச வீடியோ கருவியை நிறுவினால் `ffprobe` கூடவே வரும்.

```
ffprobe CLIP0042.MP4
```

`moov atom not found` என்று வந்தால் நாம் பேசிக்கொண்டிருக்கும் நோய் இதுதான். அப்படி வராமல் விவரமெல்லாம் ஒழுங்காகக் காட்டி, ஓட்டும்போது மட்டும் நடுவில் சிக்கினால் கதை வேறு: அட்டவணை இருக்கிறது, பெரும்பாலும் நகலெடுக்கும்போது ஏதோ நேர்ந்திருக்கிறது. வேறு கார்டு ரீடரில் போட்டு இன்னொரு முறை நகலெடுத்தாலே பல சமயம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது படிதான் என் கணிப்பில் எல்லாவற்றிலும் முக்கியம். பலர் இதைச் செய்வதே இல்லை. ஃபைலுக்குள் உண்மையில் தரவு இருக்கிறதா, வெறும் பூஜ்யங்களா? இதற்கு ஒரு எளிய தந்திரம் உண்டு: ஃபைலைச் சுருக்கிப் பாருங்கள். வீடியோ ஏற்கெனவே இறுகச் சுருக்கப்பட்ட தரவு, அதை மேலும் சுருக்க முடியாது. பூஜ்யங்களோ ஒன்றுமில்லாமல் போய்விடும்.

```
gzip -1 -c CLIP0042.MP4 | wc -c
```

விண்டோஸில் 7-Zip கொண்டு சுருக்கி, வந்த அளவைப் பார்த்தால் போதும். நண்பரின் ஃபைலில் கிட்டத்தட்ட 3.19 ஜிபி மிஞ்சியது. அதாவது ஏறத்தாழ 48 எம்பி மட்டும் காலி. மூன்றால் வகுத்தால் பதினாறு நொடி. கேமரா முன்கூட்டியே பிடித்து வைத்து எழுதாமல் விட்ட இடம். பதினேழு நிமிடத்துக்கு மேல் உள்ளே ஏதோ இருக்கிறது. மூன்று ஜிபி ஃபைல் சுருங்கி ஐம்பது எம்பியாக வந்திருந்தால்? எந்த மென்பொருளும் அதை மீட்காது. அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

"ஏதோ இருக்கிறது" என்று சொன்னதைக் கவனியுங்கள். கார்டில் அந்த இடத்தில் முன்பு இருந்த பழைய வீடியோவின் மிச்சமும் சுருங்காது. அதனால் உள்ளே ஒரு பார்வை பார்ப்பது நல்லது. தொடக்கத்தின் 48 பைட்:

```
xxd -l 48 CLIP0042.MP4
```

```
00000000: 0000 001c 6674 7970 6d70 3432 0000 0001  ....ftypmp42....
00000010: 6d70 3432 6176 6331 6973 6f6d 0000 0000  mp42avc1isom....
00000020: 6d64 6174 0000 0002 0910 0004 3c1e 6588  mdat........<.e.
```

பார்க்க மிரட்டும், ஆனால் வாசிக்கக் கஷ்டமில்லை. ஒவ்வொரு பெட்டியும் நான்கு பைட் நீளம், நான்கு எழுத்துப் பெயர் என்றுதான் தொடங்கும். முதல் நான்கு பைட் `0000001c`, அதாவது 28; அந்த நீளத்துக்கு `ftyp`. அது முடிந்ததும் அடுத்த நீளம் `00000000`, பெயர் `mdat`. நல்ல ஃபைலில் இந்த இடத்தில் பெட்டியின் உண்மையான நீளம் இருக்கும். இங்கே கேமரா "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று பூஜ்யம் போட்டது; அந்தப் பிறகு வரவேயில்லை.

இதற்கு அடுத்ததைப் பாருங்கள். `00000002`, இரண்டு பைட் கொண்ட ஒரு சின்னத் துண்டு: `0910`. அப்புறம் `00043c1e`, அதாவது 277,534 பைட் நீளத் துண்டு, `65` என்று தொடங்குகிறது. H.264 என்ற வீடியோ சுருக்கும் முறையில் அந்த `65` ஒரு முழுப் படத்தைக் குறிக்கும். அங்கிருந்து 277,534 பைட் தாண்டினால் அடுத்த துண்டின் நீளம் எழுதியிருக்கும். இப்படி நீளத்தைப் படி, தாண்டு, நீளத்தைப் படி, தாண்டு என்று சங்கிலி போகிறது. அட்டவணை தொலைந்தாலும் ஃபைலை மீட்க முடிவது இதனால்தான். நடுவில் நூறு பைட் காணாமல் போனாலும் சங்கிலி அறுந்து எல்லாம் குழம்புவதும் இதனால்தான்.

கடைசியாக ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: அட்டவணை உண்மையிலேயே இல்லையா, இல்லை வேறு எங்காவது இருக்கிறதா?

```
LC_ALL=C grep -abo -e moov -e mvhd CLIP0042.MP4
```

நண்பரின் ஃபைலில் `moov` ஒரு இடத்தில் வந்தது! ஃபைலின் நடுவில். அவர் துள்ளிக் குதித்தார், அவசரப்படாதீர்கள் என்றேன். நான்கு எழுத்துகள் தற்செயலாக ஒரு குறிப்பிட்ட வரிசையில் அமைய நானூறு கோடிக்குச் சற்று மேல் இடங்களில் ஒன்று போதும். மூன்று ஜிபி ஃபைலில் அப்படி எங்காவது விழுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உண்மையான அட்டவணை என்றால் `moov`-க்குச் சரியாக எட்டு பைட் தள்ளி `mvhd` இருக்க வேண்டும். இவருக்கு அது இல்லை. இரண்டும் எட்டு பைட் இடைவெளியில் வந்தால், இந்தக் கார்டின் பழைய ஃபைல் ஒன்றின் முடிவு இதற்குள் புகுந்திருக்கலாம். அந்த இடத்துக்குப் பின்னால் இருப்பது உங்கள் வீடியோவாக இல்லாமலும் போகலாம்.

சரி, தீர்ப்பு இதுதான்: அளவு பொருந்துகிறது, தரவு இருக்கிறது, சங்கிலி ஒழுங்காகத் தொடங்குகிறது, அட்டவணை மட்டும் இல்லை. மீட்கலாம்.

மாதிரி ஃபைல், அதன் அமைப்பு

தொலைந்த அட்டவணையில் இருந்த விவரங்களில் ஒரு பகுதியை வேறொரு நல்ல ஃபைலிலிருந்து கடன் வாங்க வேண்டும். படத்தின் அளவு, நொடிக்கு எத்தனை ஃபிரேம், ஒலியின் அமைப்பு, படத்தை விரிக்கத் தேவையான ஆரம்பக் குறிப்புகள் எல்லாம் அதிலிருந்துதான் வரும். எனவே மாதிரி ஃபைல் அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்ததாக இருக்க வேண்டும். "அதே அமைப்பு" என்றால் தெளிவுத்திறன் மட்டும் அல்ல. ஃபிரேம் எண்ணிக்கை, தர அளவு, ஒலி வகை எல்லாம்.

இங்கே நாங்கள் ஒரு முறை வழுக்கினோம். நண்பர் வீட்டில் கேமராவை எடுத்து ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பினார். மீட்டதும் படம் வந்தது, ஆனால் எல்லோரும் மேடையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது நிமிடத்துக்கு முன்பே படம் முடிந்துவிட்டது; ஒலி மட்டும் பதினெட்டு நிமிடம் நெருங்கும்வரை போனது. படம் சரியாகப் பாதி நீளம் என்றால் சந்தேகம் வேண்டாம், ஃபிரேம் எண்ணிக்கைதான் காரணம். நாடகம் நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தது. வீட்டில் எடுத்த மாதிரி 50. இதைத் தவிர்க்க நல்ல வழி, அன்றே அதே கேமராவில் எடுத்த வேறு ஃபைலைத் தேடுவது. அப்படி ஒன்றை அவர் ஏற்கெனவே கணினியில் நகலெடுத்து வைத்திருந்தார்: `CLIP0039.MP4`. புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் வேறு கார்டில் எடுங்கள். சத்தமும் அசைவும் இருக்கும் காட்சியாக ஒன்றிரண்டு நிமிடம் இருக்கட்டும்.

மீட்பு

இதற்கு `untrunc` என்ற இலவசக் கருவி போதும். இதில் anthwlock என்பவர் பராமரிக்கும் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்; விண்டோஸில் சாளரத்தோடு இயங்கும் வடிவமும் அதில் உண்டு. நல்ல ஃபைலை முதலில் கொடுக்க வேண்டும், கெட்டதை இரண்டாவதாக:

```
untrunc CLIP0039.MP4 CLIP0042.MP4
```

அது அந்தச் சங்கிலியைத் தொடக்கத்திலிருந்து படித்து, இது படம், இது ஒலி என்று பிரித்து, புதிய அட்டவணை எழுதி, பெயரில் `fixed` என்று சேர்த்துத் தனி ஃபைலாகத் தரும். மூல ஃபைலைத் தொடாது. ஆனாலும் நகலில்தான் வேலை செய்யுங்கள்.

தெரியாத துண்டு வந்து நடுவில் நின்றுபோனால், அதைத் தாண்டித் தொடரச் சொல்ல `-s` சேர்க்கலாம். நடுவில் சில பைட் கெட்ட இடங்களில் இது உதவும். ஆனால் முதல் முயற்சியிலேயே போடாதீர்கள். தாண்டிப் போகும்போது தவறாக யூகிக்கவும் வாய்ப்புண்டு.

சுருக்கப்படாத ஒலி பதிவு செய்யும் கேமராக்களில், அதாவது நல்ல ஃபைலின் `ffprobe` ஒலி வரியில் `pcm` என்று வந்தால், கொஞ்சம் பொறுமை வேண்டும். சுருக்கிய ஒலித் துண்டுக்கு ஓரளவு அடையாளம் இருக்கும். `pcm` ஒலி வெறும் எண்களின் வரிசை. எது ஒலி, எது படம் என்று கருவி ஊகிக்கத்தான் வேண்டும். அதனால் படம் வந்து ஒலி கரகரப்பாக வருவதும், பாதியில் நிற்பதும் இத்தகைய ஃபைல்களில்தான் அதிகம். குறிப்பிட்ட கேமரா வகைகளுக்கென்றே எழுதப்பட்ட கட்டண மென்பொருள்கள் இங்கே மேலாக இருக்கலாம். மீட்ட வீடியோவின் மாதிரியை முதலில் காட்டிவிட்டுப் பிறகு பணம் கேட்பதை மட்டும் எடுங்கள். ஃபைலை இணையத்தில் ஏற்றச் சொல்லும் சேவைகளுக்கு நான் போவதில்லை. மூன்று ஜிபி ஏற்றுவது ஒருபுறம் இருக்கட்டும், ஃபைலில் இருப்பது யாருடைய முகமோ.

வந்தது முழுதாக வந்ததா?

பிளேயரில் ஓடிவிட்டது என்றால் வேலை முடியவில்லை. பிளேயர்கள் சின்னப் பிழைகளை மூடி மறைத்துவிடும். முழு ஃபைலையும் விரித்துப் பார்த்து, பிழைகளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்:

```
ffmpeg -v error -i CLIP0042_fixed.mp4 -f null -
```

உங்களுக்குக் கிடைத்த பெயரை இதில் போடுங்கள். ஒன்றும் அச்சாகாமல் முடிந்தால் சுத்தம். எங்களுக்குக் கடைசியில் மட்டும் `error while decoding MB` என்று தொடங்கும் சில வரிகள் வந்தன. பேட்டரி போன நொடியில் பாதி எழுதிய ஃபிரேம் அது. நீளம் 17 நிமிடம் 41 நொடி. சுருக்கிப் பார்த்ததில் கிடைத்த 3.19 ஜிபியை மூன்றால் வகுத்தால் 1,063 நொடி, அதாவது 17 நிமிடம் 43 நொடி. கணக்கு பொருந்துகிறது, எதையும் விட்டுவிடவில்லை.

நடுவில் பிழை வந்தால் அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள். படம் சாம்பல் நிறமாகக் கரைந்து, ஒரு நொடி வாக்கில் திடீரென்று தெளிவானால், அங்கே உண்மையிலேயே சில பைட் தொலைந்திருக்கிறது. முழுப் படம் சிறு இடைவெளிக்கு ஒருமுறைதான் வரும். இடையில் வருபவை "முந்தையதிலிருந்து என்ன மாறியது" என்று மட்டும் சொல்பவை. அதனால் ஒன்று கெட்டால் அடுத்த முழுப் படம் வரும்வரை கறை ஒட்டிக்கொண்டே போகும். அந்த ஒரு நொடியை எந்தக் கருவியும் திருப்பித் தராது. எடிட்டிங்கில் வேறு காட்சி போட்டு மூடுவதுதான் வழி.

ஒலியையும் படத்தையும் கடைசி நிமிடத்தில் ஒப்பிடுங்கள், தொடக்கத்தில் அல்ல. பேசுபவரின் உதடு, மேசையைத் தட்டும் கை, ஏதாவது ஒன்று போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் நேரக் கணக்கில் பிழை. மாதிரி ஃபைலின் அமைப்பை மறுபடி பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகியிருந்தால் எடிட்டரில் ஒலித் தடத்தை நகர்த்தினால் தீர்ந்தது.

ஃபைலின் அளவே பூஜ்யமாக இருந்தால்

அப்போது தரவு கார்டில் இருக்கலாம். எங்கே இருக்கிறது என்ற பதிவுதான் இல்லை. முன்பு எடுத்து வைத்த `card.img`-ஐ PhotoRec என்ற ஃபைல் மீட்புக் கருவிக்குக் கொடுத்துத் தேடலாம். அழித்துவிட்ட ஃபைலுக்கும் இதே வழி. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்: PhotoRec பெரும்பாலும் தரவு கார்டில் தொடர்ச்சியாக இருக்கிறது என்று நம்பித்தான் எடுக்கும். சில ஆக்‌ஷன் கேமராக்கள் பெரிய வீடியோவையும், முன்னோட்டத்துக்கான சின்ன வீடியோவையும் ஒரே நேரத்தில் மாறி மாறி எழுதுகின்றன. கார்டில் இரண்டும் பின்னிக்கிடக்கும். அப்படி எடுத்த ஃபைலில் சில நொடி ஓடி, சங்கிலி அறுந்து, மறுபடி சில நொடி என்று வந்தால் காரணம் இதுதான். இங்கே `untrunc` போதாது. துண்டுகளைப் பிரித்து அடுக்கத் தெரிந்த தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதுதான் முறை. கொடுக்கும்போது ஃபைலை மட்டும் கொடுக்காதீர்கள். கார்டு இமேஜ், மாதிரி ஃபைல், கேமராவின் மாடல், பதிவு அமைப்பு, நின்றுபோன தோராயமான நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.